‘மீண்டும் வருக’ – எங்கே வருவது?

வைகாசிப் பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து வற்றாப்பளைக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கச்சான் கோது பரந்து கிடக்கும். கடை போட்ட இடத்தில் தடி நட்ட குழிகள் மட்டும் இருக்கும். திங்கட்கிழமை இரவு நெருக்கியடித்துக்கொண்டு சனம் நின்ற இடம் அதுதானா என்று சந்தேகமே வந்துவிடும்.

அந்தக் கடைகளில் வாங்கியவர்களின் வீட்டில் அதே நேரம் வேறொரு காட்சி. பையிலிருந்து தூள் பைக்கற்றையும் கருவாட்டையும் எடுத்து வைக்கிறார்கள். பில்லைப் பார்க்கிறார்கள். அதன் அடியில் “நன்றி, மீண்டும் வருக” என்று அச்சடித்திருக்கிறது. எங்கே வருவது? கடை இருந்த இடத்தில் இப்போது குழிதான் இருக்கிறது.

திருவிழாவில் கடை போடும் சகோதரிகள் பலர் அடிக்கடி சொல்லும் குறை, “பொங்கலுக்கு நல்ல வியாபாரம், பிறகு ஒண்டுமில்லை” என்பது. வாங்கியவருக்குப் பொருள் பிடிக்காமல் போனதால் அப்படி ஆவதில்லை. எங்கே, எப்போது, எதற்காகத் திரும்ப வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பாததுதான் பெரும்பாலும் காரணம். சொல்லி அனுப்ப நம் கையில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பை, மற்றது பில். இரண்டிலும் ஒரே வசனத்தை அடிப்பதுதான் நாம் விடும் முதல் பிழை.

பையின் ஆயுள் வேறு, பில்லின் ஆயுள் வேறு

தமிழ்நாட்டின் மஞ்சள் பையை எடுத்துக்கொள்வோம். துணிக்கடைகள் தங்கள் பெயரையும் ஊரையும் மஞ்சள் துணிப் பையில் அச்சடித்துப் பொருளைப் போட்டுக் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். கலியாண வீடுகளில் தாம்பூலப் பையில் மணமக்களின் பெயரை அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பை வீட்டு ஆணியில் தொங்கும். சந்தைக்குப் போகும், பஸ்ஸில் ஏறும், பக்கத்து வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டு போகும். மணமக்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் பையில் அவர்கள் பெயர் இருக்கும். பிறகு பொலித்தீன் வந்து அதைத் தள்ளிவிட்டது. 2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற பெயரில் அதை மறுபடி பழக்கத்துக்குக் கொண்டுவர ஓர் இயக்கத்தைத் தொடங்கியது.

அந்தப் பையில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கடையின் பெயர், ஊர், சில வேளை ஒரு தொலைபேசி இலக்கம். “இந்த வாரம் விலைக்கழிவு” என்று அதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் மறு வாரமே பை பழசாகிப் போயிருக்கும். பை பல மாதம் உழைக்கும். அதை வாங்கியவர் மட்டுமன்றி, பஸ்ஸில் எதிரே இருப்பவரும் வாசிப்பார். ஆகவே பையில் போட வேண்டியது என்றும் மாறாத செய்தி.

பில் அப்படியல்ல. அதை ஒருவர் மட்டுமே பார்ப்பார். வீட்டுக்குப் போனதும் காசு சரியா என்று ஒரு தரம் பார்த்து, தாச்சிக்குக் கீழே வைப்பார் அல்லது எறிந்துவிடுவார். அதன் ஆயுள் சில நாள்தான். ஆகவே திகதி போட்ட செய்தி, ‘இதைக் கொண்டுவந்தால் இது கிடைக்கும்’ என்கிற செய்தி, பில்லுக்கு உரியது. பெறுமதி இருந்தால் மட்டும் ஒரு துண்டுக் கடதாசியை மனிதர் பத்திரமாக வைப்பார்கள். தாய்வான் அரசு 1951 இல் கடைப் பில்களில் இலக்கம் போட்டு, அந்த இலக்கங்களுக்குப் பரிசுச் சீட்டிழுப்பு நடத்தத் தொடங்கியது. வரி ஏய்ப்பைத் தடுப்பதற்காகச் செய்த வேலை அது. ஆனால் எறிந்துவிடும் துண்டை அங்கே சனம் வாங்கி, சேர்த்து, மாதக்கணக்கில் வைத்திருக்கப் பழகியது அந்த இலக்கத்தால்தான். இன்றும் அந்தச் சீட்டிழுப்பு நடக்கிறது.

பையில் திகதியைப் போட்டு, பில்லில் பெயரை மட்டும் போட்டால் இரண்டும் வீண். ‘வைகாசிப் பொங்கல் சிறப்பு விற்பனை’ என்று ஐந்நூறு பை அடித்து, இருநூறு மிஞ்சிப்போனால், அந்த இருநூறையும் ஆடியில் யாருக்குக் கொடுப்பது? கொடுத்தால் பழைய சரக்கு என்று வாங்குபவர் நினைப்பார்.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம்

பொதுவாகப் பேசினால் விளங்காது. கணக்குக்காக ஒரு கடையை நாமே வைத்துக்கொள்வோம். விலைகளும் தொகைகளும் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முள்ளிவாய்க்காலில் வீட்டு வாசலில் சிறு கடை. வறுத்த மிளகாய்த்தூளும் கருவாடும் முக்கிய பொருட்கள். பொங்கலுக்கு நந்திக்கடலின் மறுகரையில், வற்றாப்பளையில், ஒரு கொட்டில் போடுகிறார் அக்கா. அந்த நாட்களில் இருநூறு பில் எழுதுகிறார். 250 கிராம் தூள் பைக்கற் 450 ரூபா. செத்தல், மல்லி, அரைப்புக் கூலி, பைக்கற் எல்லாம் போக அவருக்குக் கிடைப்பது 90 ரூபா.

முதல் வேலை, இந்த இருநூறு பேரும் யார் என்று பார்ப்பது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சனம் வரும். ஒரு பைக்கற் தூளுக்காக அவர்கள் திரும்ப முள்ளிவாய்க்காலுக்கு வரப் போவதில்லை. அவர்களுக்கு “பத்து நாளில் வாருங்கள்” என்று எழுதுவது மை செலவு. முள்ளியவளை, கேப்பாப்புலவு, வட்டுவாகல், முல்லைத்தீவு நகரம், புதுக்குடியிருப்பு என்று ஒரு பஸ்ஸில் வந்து போகக்கூடியவர்கள்தான் நேரில் வருவார்கள். இருநூறில் அவர்கள் தொண்ணூறு பேர் என்று வைப்போம்.

ஆகவே இரண்டு முத்திரை தேவை. பணம் கொடுக்கும்போது “எந்த ஊர் அம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எந்த முத்திரை குத்துவது என்று தெரிந்துவிடும். திருவிழாவில் இப்படிக் கேட்பது சம்பிரதாயந்தானே, ஒருவரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

கிட்ட உள்ளவர்களுக்கான முத்திரை இப்படி இருக்கலாம்:

“இந்தப் பில்லுடன் ______ ஆந் திகதிக்கு முன் முள்ளிவாய்க்கால் கடைக்கு வந்து தூள் வாங்குவோருக்கு ஒரு பைக்கற் இரசத்தூள் இனாம்.”

தூர உள்ளவர்களுக்கு:

“தூள் முடிந்ததா? அழையுங்கள். பஸ்ஸில் போட்டு விடுவோம். ஒரு கிலோவும் அதற்கு மேலும்.”

பஸ்ஸில் பொதி போட்டு விடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ‘ஒரு கிலோவும் அதற்கு மேலும்’ என்ற வரியைத் தவற விடாதீர்கள். 250 கிராமுக்குப் பொதிக் கூலி கொடுத்தால் இலாபம் கூலியோடு போய்விடும். காசு முதலில் வங்கிக்கு வந்த பிறகுதான் பொதியைப் போட வேண்டும் என்பதையும் அழைப்பு வரும்போதே சொல்லிவிட வேண்டும்.

வெற்றிடத்தில் எந்தத் திகதி?

மேலே கோடு போட்ட இடம்தான் முழு வேலையின் உயிர். பலரும் ‘ஒரு மாதத்துக்குள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். திகதியை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் விற்ற பொருள். அது அவர் வீட்டில் எப்போது முடியும்?

இதை அறிய வேறெங்கும் போக வேண்டாம். ஒரு 250 கிராம் பைக்கற்றை உங்கள் வீட்டில் உடைத்து, உடைத்த திகதியை அதிலேயே எழுதி, எத்தனையாவது நாளில் போத்தல் காலியாகிறது என்று பாருங்கள். அயலில் இன்னும் இரண்டு வீட்டில் கேளுங்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டில் ஏறத்தாழ இரண்டு கிழமை வருகிறது என்று வைப்போம். அப்படியானால் பில்லில் எழுத வேண்டியது வாங்கிய நாளிலிருந்து மூன்று கிழமை. தூள் முடியும் நேரத்தில் பில்லும் உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் அதிக நாள் இருக்கக் கூடாது. ஒரு கிழமை மட்டும் கொடுத்தால் போத்தலில் பாதித் தூள் இருக்கும், அவர் வரமாட்டார். மூன்று மாதம் கொடுத்தால் “பிறகு போகலாம்” என்று வைத்துவிட்டு மறந்துபோவார். இடையில் பக்கத்துக் கடையில் வேறு தூள் வாங்கியிருப்பார்.

தையல் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. சட்டை தூள் மாதிரி முடிந்து போவதில்லை. அங்கே இனாம் பொருளை விடச் சேவைதான் ஆளைத் திருப்பிக் கொண்டுவரும். பிள்ளைச் சட்டையை ஒரு விரல் மடிப்பு கூட விட்டுத் தைத்து, “பிள்ளை வளர்ந்ததும் இந்தப் பில்லுடன் கொண்டுவாருங்கள், நீளம் இறக்கித் தருவோம்” என்று எழுதினால், அந்தத் தாய் ஆறு மாதம் கழித்து வருவார். வரும்போது மடிப்பை மட்டும் பிரித்துக்கொண்டு போவது குறைவு. நவராத்திரிக்கோ தீபாவளிக்கோ இன்னொன்று தைக்கக் கொடுப்பார். இந்த மாதிரிப் பில்லுக்கு முடியும் திகதியே வேண்டாம். அதைத் தடித்த மட்டையில் அடித்துக் கொடுப்பது நல்லது.

மே 18 ஐ ஒட்டிய நாட்களில் முள்ளிவாய்க்காலுக்கு வருபவர்கள் வாங்க வருபவர்களல்ல. அந்தச் சனத்திடம் பையையோ துண்டையோ நீட்ட வேண்டாம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

ஏன் விலைக்கழிவு போடவில்லை?

‘10 வீதம் கழிவு’ என்று போடுவது சுலபம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நம் உதாரணக் கடையில் 450 ரூபாவுக்கு 10 வீதம் 45 ரூபா. அக்காவின் இலாபமே 90 ரூபா. பத்து வீதம் என்று எழுதி, இலாபத்தில் சரி பாதியைக் கொடுத்துவிட்டார்! கழிவை விற்பனை விலையில் கணக்கிடுகிறோம், ஆனால் அது போவது இலாபத்திலிருந்து. இந்த இடத்தில்தான் பல சிறு கடைகள் தங்களை அறியாமல் நட்டப்படுகின்றன.

இரசத்தூளைப் பாருங்கள். சிறு பைக்கற் விற்கும் விலை 40 ரூபா, செய்யும் செலவு 25 ரூபா என்று வைப்போம். வாங்குபவருக்கு 40 ரூபாப் பொருள் இனாம். அக்காவுக்குப் போவது 25 ரூபா. கையில் 65 ரூபா மிஞ்சும். இன்னொரு நன்மையும் உண்டு. இதுவரை இரசத்தூள் வாங்காதவர் ருசி பார்க்கிறார். கழிவு கொடுத்த 45 ரூபாவுக்கு அப்படி ஒரு பலனும் இல்லை. அதோடு, ஒரு தரம் கழிவு விலைக்கு வாங்கியவருக்கு அடுத்த முறை சரியான விலையே கூடின விலையாகத் தெரியும்.

முத்திரை இரண்டும் மைப் பெட்டியும் சேர்த்து 2,000 ரூபா என்று வைப்போம். திரும்பி வரும் ஒருவரால் 65 ரூபா. 2,000 ஐ 65 ஆல் பிரித்தால் முப்பத்தொரு பேர் திரும்பி வர வேண்டும், அப்போதுதான் முத்திரைச் செலவு தீரும். கிட்ட உள்ள தொண்ணூறு பேரில் முப்பத்தொரு பேர் என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் கூட. அது இலேசல்ல. ஒரே பொங்கலில் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திகதியைக் கோடு விட்டுக் கையால் எழுதச் சொன்னதன் காரணம் அதுதான். வருடத்தை முத்திரையில் வெட்டாவிட்டால் அதே முத்திரை தீபாவளிக்கும் அடுத்த வைகாசிக்கும் உதவும். திரும்பி வருபவர் ஒரு பைக்கற்றோடு நிற்காமல் கருவாடும் வாங்கினால் கணக்கு இன்னும் விரைவாகத் தீரும்.

அப்படித் திரும்பி வந்தவரை அடுத்த முறையும் வரவைக்க, கட்டம் போட்ட மட்டை கொடுக்கலாம். எட்டு முறை வாங்கினால் ஒன்று இனாம் என்கிற மாதிரி. இதில் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. 2006 இல் வெளியான ஆய்வு அது. பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள மட்டை கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம் உள்ள மட்டையில் இரண்டு கட்டத்தில் ஏற்கெனவே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இருவருக்கும் மிச்சம் எட்டுத்தான். முதல் வகையினரில் 100 க்கு 19 பேர் மட்டையை நிரப்பினார்கள். இரண்டாம் வகையினரில் 34 பேர். தொடங்கிவிட்ட வேலையை விட மனிதருக்கு மனம் வருவதில்லை போலும். பொங்கலில் வாங்கியதற்கே முதல் இரண்டு முத்திரையைக் குத்தி மட்டையைக் கொடுக்க நமக்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை.

அச்சு எங்கே, எதில்?

பில்லில் எல்லோரும் வாசிக்கும் வரி ஒன்றுதான், மொத்தத் தொகை. முத்திரையை அதற்குச் சரி கீழே குத்துங்கள். பின்பக்கத்தில் குத்தினால் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். தலைப்பில் குத்தினால் கண் தாண்டிப் போய்விடும்.

காபன் தாள் வைத்து எழுதும் பில் புத்தகம் இருந்தால் அது போதும். இலக்கம் போட்ட புத்தகமாக வாங்குங்கள், பின்னர் கணக்குப் பார்க்க உதவும். சிலர் இப்போது சிறிய பில் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் வரும் தாள் மையால் அச்சாவதில்லை. சூடு பட்டு எழுத்துக் கறுக்கும் தாள் அது. வெயிலில் கிடந்தால், எண்ணெய்க் கை பட்டால், பிளாஸ்டிக் உறையில் வைத்தால் எழுத்து மங்கிப்போகும். மூன்று கிழமை வைத்திருக்க வேண்டிய செய்தியை அதில் நம்பி விடக்கூடாது. அப்படியான கடைகள் செய்தியைத் தனித் துண்டில் அடித்துப் பில்லோடு பின் பண்ணிக் கொடுக்கலாம்.

பையைப் பற்றி ஒரு புதிய விடயம். 2025 நவம்பர் 1 முதல் இலங்கையில் கடைக்காரர் பொலித்தீன் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. பைக்கு விலை போட்டு, அதைப் பில்லிலும் காட்ட வேண்டும். காசு கொடுத்துப் பை வாங்கப் பலர் தயங்குகிறார்கள். கடதாசிப் பையும் துணிப் பையும் கொடுப்பவருக்கு இது நல்ல நேரம்.

முத்திரை மை பொலித்தீனில் காயாது, விரல் பட்டாலே அழியும். பழுப்புக் கடதாசிப் பையில் உடனே ஊறிக் காய்ந்துவிடும். கச்சான், வடை, முறுக்கு விற்பவர்கள் பையின் மேற்பக்கத்தில் குத்த வேண்டும். எண்ணெய் அடியிலிருந்து ஊறி ஏறும்போது கீழே உள்ள எழுத்து முதலில் போய்விடும். அந்தப் பை வீட்டில் நிற்காது என்பதும் உண்மைதான். கச்சானைத் தின்று முடித்ததும் பையை ஊதி உடைத்து விளையாடுவது நம் பிள்ளைகளின் திருவிழாச் சந்தோஷம். அதில் பெரிய செலவு செய்ய வேண்டாம்.

துணிப் பைக்குத் திரை அச்சுத்தான் வழி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை வேண்டும் என்பதால் ஒரே நிறம் போதும். வெளிர் துணியில் கடும் நிறம். திரை செய்யும் செலவு 50 பைக்கும் ஒன்றுதான், 500 பைக்கும் ஒன்றுதான். ஆகவே இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து ஒரு பெயரில் அடித்தால் ஆளுக்கு மலிவாக வரும். எழுத்தைப் பையின் நடுவுக்குச் சற்று மேலே போடச் சொல்லுங்கள். பொருள் போட்டதும் அடிப்பக்கம் பிதுங்கி, கீழே உள்ள எழுத்து மடிந்து மறையும். அடித்த பை காய்ந்த பின் மறுபக்கத்தால் சூடான மின்னழுத்தி போட்டு அழுத்தினால் மை துணியில் பிடிக்கும். அது செய்யாத பை முதல் தோய்ப்பிலேயே வெளுக்கும். அச்சகத்திலிருந்து வாங்கும்போது ஒரு பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுங்கள்.

பையில் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. புதுக்குடியிருப்பிலிருந்து வருபவர் எங்கே இறங்குவது, முல்லைத்தீவிலிருந்து வருபவர் வட்டுவாகல் பாலம் தாண்டி எந்தத் தரிப்பில் இறங்குவது, அங்கிருந்து எந்தப் பக்கம் நடப்பது என்று ஒரு வரி போடுங்கள். நம்மூர் வீதிகளில் வீட்டு இலக்கத்தை வைத்து ஒருவரும் வீடு தேடுவதில்லை.

இலக்கம் போடுமுன் யோசியுங்கள்

இந்த ஒரு விடயத்துக்காகவே இதை எழுத நினைத்தேன் என்றும் சொல்லலாம்.

பையில் தொலைபேசி இலக்கம் போட்டால் அது யாரிடம் போகிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு திருவிழாவில் இருநூறு பை போனால், அந்த இலக்கத்தை ஆயிரம் பேர் பார்க்கலாம். தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண்ணின் பெயரும் இலக்கமும் வீட்டு வழியும் ஒரே பையில் அச்சாகிப் போவது நல்லதல்ல. இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்பு தூள் கேட்டு வருவதல்ல. அதன் பிறகு அவர் இலக்கத்தையே மாற்றிவிடுவார். போன பைகள் எல்லாம் அன்றோடு செத்துப்போகும்.

ஆகவே சொந்த இலக்கத்தைப் போடாதீர்கள். வியாபாரத்துக்கென்று வேறு சிம் ஒன்று எடுத்து, பழைய கைத்தொலைபேசியில் போட்டு வைத்து, இரவில் நிற்பாட்டி விடுங்கள். அதற்குக் காசு போட மறந்து நெடுநாள் விட்டால் இலக்கம் துண்டிக்கப்படலாம், அதைக் கவனிக்க வேண்டும். பையில் உங்கள் பெயருக்குப் பதில் கடைப் பெயர் இருக்கட்டும். ‘காலை 8 முதல் மாலை 6 வரை அழையுங்கள்’ என்று நேரத்தையும் அடியுங்கள். வீட்டோடு கடை இல்லாதவர்கள் வீட்டு வழியைப் போடவே வேண்டாம். பொருளைப் பெறச் சங்கக் கடையையோ தெரிந்த ஒரு கடையையோ கேட்டு, அந்த இடத்தைப் போடலாம்.

திரும்பி வந்த பில்லை என்ன செய்வது?

மூன்றாம் கிழமை ஒருவர் பில்லோடு வருகிறார். அக்கா சந்தைக்குப் போயிருக்கிறார், கடையில் மகள். “இப்பிடி ஒண்டும் அம்மா சொல்லேல்லை” என்கிறாள் பிள்ளை. வந்தவர் திரும்பிப் போகிறார். அவர் இனி வரவே மாட்டார். ஒன்றும் எழுதாத பில்லைக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு கெடுதல் வந்திராது. முத்திரை குத்திய அன்றே மாதிரிப் பில் ஒன்றைக் கடையின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு, கடையில் நிற்கக் கூடிய எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். இரசத்தூள் பைக்கற்றுகளைப் பொங்கலுக்கு முன்பே கட்டி வைக்க வேண்டும். திகதி பிந்தி இரண்டு நாளில் வந்தாலும் கொடுத்துவிடுங்கள். 25 ரூபாவுக்கு நின்று வாதாடக் கூடாது.

கடன் வாங்கியவர்களை இந்த வழியால் வரவைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொப்பியில் பெயர் உள்ளவர் இனாமுக்காக வருவதில்லை. கடனைக் கேட்பார்களோ என்று மறுபக்க வீதியால்தான் போவார். பில்லின் அடியில் “பழைய பாக்கி” என்று எழுதி அனுப்புவது அவரை இன்னும் தூரத் தள்ளும். அது தனியாக, நேரில், மெதுவாகப் பேச வேண்டிய விடயம்.

திரும்பி வந்த பில்களை எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். ஒன்றில் இரசத்தூள், மற்றதில் கட்ட மட்டை என்று இரண்டு பில் புத்தகத்துக்கும் இரண்டு விதமாகச் செய்தி குத்தியிருந்தால் இன்னும் நல்லது. கம்பியில் உள்ள இலக்கங்களைப் பார்த்தால் எந்தப் புத்தகத்துப் பில் கூட வந்தது என்று தெரியும். புதுக்குடியிருப்பிலிருந்து பதினைந்து பேரும் முள்ளியவளையிலிருந்து இரண்டே பேரும் வந்திருந்தால், முள்ளியவளைக்காரருக்கு நந்திக்கடலைச் சுற்றி வருவது தூரமாகப் படுகிறது என்று அர்த்தம். அடுத்த வைகாசியில் அவர்களுக்குக் கிட்ட ஊர் முத்திரையைக் குத்தாமல், முள்ளியவளைச் சந்தையில் நீங்கள் நிற்கும் நாளை எழுதிக் கொடுங்கள்.